ஒரே ஐகன் மதிப்பு இரண்டு முறை வந்தால் ஐகன் வெக்டர் எத்தனை?

கேள்வி: கீழே உள்ள அணிக்குச் சிறப்பியல்புச் சமன்பாடு போட்டு 6, 2, 2 என்று ஐகன் மதிப்புகள் கண்டுபிடித்துவிட்டேன். 6-க்கு வெக்டர் சரியாக வந்தது. 2-க்குப் போட்டால் மூன்று சமன்பாடும் ஒன்றாகவே ஆகிவிடுகிறது, குறுக்குப் பெருக்கல் விதியில் எல்லாம் 0 வருகிறது. நான் z = 0, y = 0 என்று வைத்து (1, 1, 0), (−2, 0, 1) எழுதினேன். தோழி (0, 2, 1), (1, 3, 1) எழுதியிருக்கிறாள். யாருடையது சரி? இன்னொரு கணக்கில் இதே 6, 2, 2 வந்தும் 2-க்கு ஒரே வெக்டர்தான் கிடைத்தது. எப்போது ஒன்று, எப்போது இரண்டு?

```
      3  -1   2
A  =  1   1   2
      2  -2   6
```

பதில்:

இரண்டு பேர் எழுதியதும் சரி. இரண்டாவது கேள்விக்கான விடை சிறப்பியல்புச் சமன்பாட்டில் இல்லை. 2 என்ற மூலம் இரண்டு முறை வருகிறது என்பது வரைதான் அந்தச் சமன்பாட்டால் சொல்ல முடியும். அதற்கு ஒரு வெக்டரா இரண்டா என்பதை A − 2I என்ற அணியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகலாம்.

முதலில் சமன்பாட்டைச் சரிபார்த்துவிடுவோம். 3×3 அணிக்கு அது λ³ − S₁λ² + S₂λ − S₃ = 0. S₁ என்பது முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல்: 3 + 1 + 6 = 10. S₂ என்பது அந்த மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளைக் கூட்டியது. 3 இருக்கும் நிரையையும் நிரலையும் மறைத்தால் 1·6 − 2·(−2) = 10. நடுவில் உள்ள 1-ஐ மறைத்தால் 3·6 − 2·2 = 14. கடைசி 6-ஐ மறைத்தால் 3·1 − (−1)·1 = 4. ஆக S₂ = 28. S₃ என்பது A-இன் அணிக்கோவை, அது 24. ஆகவே

λ³ − 10λ² + 28λ − 24 = 0.

முழு எண் மூலம் இருந்தால் அது 24-இன் காரணியாகத்தான் இருக்கும். 1 போட்டால் −5 வருகிறது, ஆகாது. 2 போட்டால் 8 − 40 + 56 − 24 = 0. தொகுமுறை வகுத்தலில் ஈவு λ² − 8λ + 12, அதாவது (λ − 2)(λ − 6). நீங்கள் எழுதிய 6, 2, 2 சரி. கூட்டினால் 10, பெருக்கினால் 24, S₁-உடனும் S₃-உடனும் ஒத்துப்போகிறது.

பெரும்பாலானோர் S₂-இல்தான் தவறு செய்கிறார்கள். முதல் சிற்றணிக்கோவையில் −2·(−2) என்பதை +4 என்று எடுக்காமல் −4 என்று எடுத்தால் S₂ = 20 ஆகிவிடும். அப்போது λ³ − 10λ² + 20λ − 24 = 0 என்று வரும், எந்த முழு எண்ணைப் போட்டாலும் அது 0 ஆகாது. தேர்வுக் கணக்கில் முழு எண் மூலம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், கால்குலேட்டரைத் தேடுவதற்கு முன் S₂-க்குத் திரும்பிப் போய்க் குறிகளைப் பாருங்கள்.

இப்போது 6-க்கான வெக்டர். A − 6I இதோ:

```
-3  -1   2
 1  -5   2
 2  -2   0
```

முதல் இரண்டு நிரைகளில் குறுக்குப் பெருக்கல் விதியைப் போட்டால் x : y : z = 8 : 8 : 16. சுருக்கினால் (1, 1, 2).

இந்த விதி உண்மையில் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள், ஏனென்றால் உங்கள் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. −3x − y + 2z = 0 என்ற சமன்பாடு, (x, y, z) என்ற வெக்டர் (−3, −1, 2) என்ற நிரைக்குச் செங்குத்து என்று சொல்கிறது. இரண்டாவது சமன்பாடு இரண்டாவது நிரைக்கும் செங்குத்து என்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் செங்குத்தான திசையைக் கொடுப்பது வெக்டர் பெருக்கல். குறுக்குப் பெருக்கல் விதி என்று நாம் மனப்பாடம் செய்வது அந்த வெக்டர் பெருக்கலையேதான். இணையான இரண்டு வெக்டர்களை அப்படிப் பெருக்கினால் பூச்சிய வெக்டர் வரும் என்பது பள்ளியிலேயே படித்தது.

அப்புறம் A − 2I-ஐப் பாருங்கள்:

```
1  -1   2
1  -1   2
2  -2   4
```

மூன்று நிரைகளும் ஒரே திசை. எந்த இரண்டை எடுத்தாலும் இணை, அதனால்தான் எல்லாமே 0 வருகிறது. நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. அந்த விதி வேலை செய்ய ஒன்றுக்கொன்று இணையில்லாத இரண்டு நிரைகள் வேண்டும், இங்கே அப்படி இரண்டு இல்லை. இதைப் பார்த்துவிட்டு x = y = z = 0 என்று எழுதிவிடாதீர்கள். வரையறைப்படியே பூச்சிய வெக்டர் ஐகன் வெக்டர் ஆகாது.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சமன்பாடு: x − y + 2z = 0. மூன்று மாறிகளுக்கு ஒரு நிபந்தனை என்றால் இரண்டு மாறிகளை நம் விருப்பம்போல வைக்கலாம். வடிவியலில் இது ஆதிப்புள்ளி வழியாகப் போகும் ஒரு தளம். அந்தத் தளத்தில் இருக்கிற பூச்சியமல்லாத ஒவ்வொரு வெக்டரும் 2-க்கான ஐகன் வெக்டர்தான். இங்கே முழுத் தளமும் விடையாக இருக்கும்போது, அந்தத் தளத்தை விவரிக்க ஒன்றுக்கொன்று இணையில்லாத எந்த இரண்டு வெக்டர்களும் போதும். நீங்கள் ஒரு ஜோடி எடுத்தீர்கள், தோழி வேறு ஜோடி எடுத்தார். இரண்டும் ஒரே தளம்தான் என்பதை நேரடியாகவே காட்டலாம்:

(0, 2, 1) = 2·(1, 1, 0) + (−2, 0, 1)
(1, 3, 1) = 3·(1, 1, 0) + (−2, 0, 1)

வெக்டர்களை வைத்து யார் சரி என்று பார்க்க வேண்டுமானால் விடைப் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள். A-ஆல் பெருக்கிப் பாருங்கள். A-ஐ (1, 3, 1)-ஆல் பெருக்கினால் (3 − 3 + 2, 1 + 3 + 2, 2 − 6 + 6) = (2, 6, 2). அது அப்படியே 2·(1, 3, 1). முடிந்தது, வேறு சாட்சி தேவையில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. உங்கள் இன்னொரு கணக்கின் அணி என்னிடம் இல்லை, அதனால் அதே மாதிரி நடக்கும் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். A-இன் மூன்றாவது நிரையில் இரண்டு எண்களை மட்டும் மாற்றுகிறேன்:

```
      3  -1   2
B  =  1   1   2
      3  -3   6
```

S₁ மாறவில்லை, 10. S₂ = 12 + 12 + 4 = 28. அணிக்கோவை 3·12 + 1·0 + 2·(−6) = 24. அதாவது சிறப்பியல்புச் சமன்பாடு எழுத்துக்கு எழுத்து அதேதான், ஐகன் மதிப்புகளும் 6, 2, 2. ஆறுக்கான வெக்டர்கூட அதே (1, 1, 2). இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு அணிகள் எங்கே பிரிகின்றன என்பது B − 2I-ஐ எழுதினால்தான் தெரிகிறது:

```
1  -1   2
1  -1   2
3  -3   4
```

முதல் இரண்டு நிரைகள் ஒன்றுதான், ஆனால் மூன்றாவது அவற்றுக்கு இணையில்லை. x − y + 2z = 0 என்பதோடு 3x − 3y + 4z = 0 என்பதும் சேர்ந்துகொள்கிறது. முதலாவதை மூன்றால் பெருக்கிக் கழித்தால் z = 0, அப்படியானால் x = y. விடை (1, 1, 0), அதன் மடங்குகள், அவ்வளவுதான். தளம் சுருங்கி ஒரு கோடாகிவிட்டது. இன்னொரு வெக்டரை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் இல்லை.

ஆக, எப்படித் தெரிந்துகொள்வது? A − λI-ஐ நிரைச் செயலிகளால் ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பூச்சியமல்லாத நிரைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அதுதான் அதன் தரம். 3×3 அணியில், 3-இலிருந்து தரத்தைக் கழித்தால் வருவது அந்த λ-வுக்கான நேரியல் சார்பற்ற ஐகன் வெக்டர்களின் எண்ணிக்கை. A − 2I-க்குத் தரம் 1, ஆகவே இரண்டு வெக்டர்கள். B − 2I-க்குத் தரம் 2, ஆகவே ஒன்று. சிறப்பியல்புச் சமன்பாடு இதற்கு ஒரு உச்சவரம்பை மட்டும் கொடுக்கிறது: மூலம் k முறை வந்தால் வெக்டர்கள் குறைந்தது 1, அதிகம் k. ஒரு முறை மட்டும் வரும் மூலத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது, ஒரு வெக்டர் நிச்சயம், ஒன்றுக்கு மேல் வராது.

B மாதிரியான அணியில் மொத்தம் (1, 1, 2), (1, 1, 0) என இரண்டு வெக்டர்கள்தான் தேறுகின்றன. மூலைவிட்டமாக்க P என்ற அணியின் மூன்று நிரல்களிலும் நேரியல் சார்பற்ற ஐகன் வெக்டர்கள் வேண்டும். மூன்றாவது இல்லாததால் P⁻¹BP = D என்று B-ஐ எழுதவே முடியாது. இடத்தை நிரப்ப (2, 2, 0) என்று எதையாவது போட்டால் P-இன் அணிக்கோவை 0 ஆகி நேர்மாறு இல்லாமல் போய்விடும். அந்தத் தவறை விடைத்தாள்களில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் "B-ஐ மூலைவிட்டமாக்க முடியாது" என்று எழுதுவதுதான் முழுமையான விடை.

இதைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. A-ஐ மூலைவிட்டமாக்க முடியும் என்றால், 2 இரண்டு முறை வந்திருந்தாலும் (A − 2I)(A − 6I) என்று ஒரு முறை மட்டும் பெருக்கினாலே பூச்சிய அணி வந்துவிடும். அது வந்தால், A − 6I-இன் ஒவ்வொரு நிரலையும் A − 2I அழித்துவிடுகிறது என்று பொருள். அதாவது அந்த நிரல்கள் எல்லாமே 2-க்கான ஐகன் வெக்டர்கள். மேலே எழுதிய A − 6I-இன் நிரல்களைப் பாருங்கள்: (−3, 1, 2), (−1, −5, −2), (2, 2, 0). முதலாவதை x − y + 2z-இல் போட்டால் −3 − 1 + 4 = 0. மற்ற இரண்டும் அப்படியே. எந்தச் சமன்பாட்டையும் தீர்க்காமல், அணியிலிருந்தே வெக்டர்கள் கையில் வந்து விழுகின்றன. மறுபக்கமும் அதேதான்: A − 2I-இன் நிரல்கள் (1, 1, 2), (−1, −1, −2), (2, 2, 4), எல்லாம் 6-க்கான வெக்டரின் மடங்குகள். இதையே B-இல் செய்துபாருங்கள். B − 6I-இன் முதல் நிரல் (−3, 1, 3), அதை x − y + 2z-இல் போட்டால் 2 வருகிறது, 0 இல்லை. ஒரு நிரலைச் சோதித்ததிலேயே B-ஐ மூலைவிட்டமாக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

குறுக்குப் பெருக்கல் விதியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஐகன் மதிப்பையே தவறாகக் கண்டுபிடித்திருந்தாலும் அந்த விதி ஏதோ ஒரு வெக்டரைக் கொடுத்துவிடும். உதாரணமாக A-க்கு 3 ஒரு ஐகன் மதிப்பு என்று தவறாக நினைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். A − 3I-இன் நிரைகள் (0, −1, 2), (1, −2, 2), (2, −2, 3). முதல் இரண்டில் விதியைப் போட்டால் (2, 2, 1) என்று அழகாக வருகிறது. பார்க்கும்போது சந்தேகமே வராது. ஆனால் மூன்றாவது நிரையில் போட்டால் 4 − 4 + 3 = 3, பூச்சியம் இல்லை. உண்மையான ஐகன் மதிப்பாக இருந்தால் பயன்படுத்தாமல் விட்ட நிரையும் தானாகவே 0 தர வேண்டும். அந்த மூன்றாவது நிரையைச் சோதிக்க அரை நிமிடம்கூட ஆகாது, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இந்தத் தவறு வேறு முகத்தில் தெரியும்: தரம் 3 ஆகி, பூச்சிய வெக்டர் மட்டும்தான் விடையாக வரும். அப்படி வந்தால் வெக்டரைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஐகன் மதிப்புக்குத் திரும்புங்கள்.

நிரைச் செயலிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றை A − λI-இன் மேல், λ-வின் எண்ணைப் போட்ட பிறகுதான் செய்ய வேண்டும். கணக்கை எளிதாக்கலாம் என்று A-ஐயே முதலில் சுருக்கிவிட்டு ஐகன் மதிப்பு கண்டுபிடித்தால் வேறு எண்கள் வரும். நிரைகள் (2, 1), (1, 2) கொண்ட 2×2 அணிக்கு ஐகன் மதிப்புகள் 3, 1. அதன் இரண்டாவது நிரையிலிருந்து முதல் நிரையின் பாதியைக் கழித்தால் நிரைகள் (2, 1), (0, 1.5) ஆகும், இப்போது ஐகன் மதிப்புகள் 2, 1.5. பெருக்குத்தொகை இரண்டிலும் 3 என்பதால் அணிக்கோவைச் சோதனையில் இது பிடிபடாது. கூடுதல்தான் காட்டிக்கொடுக்கும்: 4 இருக்க வேண்டிய இடத்தில் 3.5.

கணக்கில் சமச்சீர் அணி வந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். உறுப்புகள் மெய்யெண்களாக இருக்கும் சமச்சீர் அணிக்கு B-இன் கதி ஒருபோதும் வராது: மூலம் எத்தனை முறை வருகிறதோ அத்தனை வெக்டர்கள் நிச்சயம். ஆனால் செங்குத்து உருமாற்றத்தால் மூலைவிட்டமாக்கச் சொல்லியிருந்தால், தளத்தில் ஏதோ இரண்டு வெக்டர்கள் என்பது போதாது, அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இருக்க வேண்டும். இதே x − y + 2z = 0 தளம் ஒரு சமச்சீர் அணிக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். (1, 1, 0)-ஐ முதலில் எடுத்தால், இரண்டாவது வெக்டர் (a, b, c)-க்கு a − b + 2c = 0, a + b = 0 என்று இரண்டு நிபந்தனைகள். தீர்த்தால் (1, −1, −1). அந்தக் கேள்வியில் உங்கள் ஜோடியும் தோழியின் ஜோடியும் இரண்டுமே தவறாகியிருக்கும், ஏனென்றால் (1, 1, 0)·(−2, 0, 1) = −2, (0, 2, 1)·(1, 3, 1) = 7. இங்கே A சமச்சீர் இல்லை, அதனால் அந்தக் கட்டாயம் இல்லை.

விடையைக் கணினியில் சரிபார்க்க நினைத்தால், B மாதிரியான அணிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

```python
import numpy as np
B = np.array([[3, -1, 2], [1, 1, 2], [3, -3, 6]])
w, V = np.linalg.eig(B)
print(w)
print(V)
print(np.linalg.matrix_rank(B - 2*np.eye(3)))
```

`eig` எப்போதும் மூன்று நிரல்களைத் தரும், மூன்று வெக்டர்கள் இல்லாத அணிக்கும்கூட. அதனால் "கணினி மூன்று கொடுத்ததே" என்று நம்பிவிட வேண்டாம். அச்சாகும் மதிப்புகளில் இரண்டு, சரியாக 2 என்று இல்லாமல் எட்டாவது தசம இடத்தின் அருகே 2-இலிருந்து விலகியிருக்கலாம், மிகச்சிறிய கற்பனைப் பகுதியோடும் வரலாம். கணினி ஏறக்குறைய பதினாறு இலக்கத் துல்லியத்தில் கணக்குப் போட்டாலும், இப்படி வெக்டர் குறைந்த இரட்டை மூலத்தில் பாதி இலக்கங்கள் போய்விடுகின்றன. `V`-இல் அந்த இரண்டு மதிப்புகளுக்கான நிரல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறியை விட்டுவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெக்டராக, (1, 1, 0)-இன் மடங்காகவே இருக்கும். கடைசி வரி தரம் 2 என்று காட்டும்.